காயடித்த ஆட்டுக்கு வரும் ரண ஜன்னி

குர்பானிக்கென்று கிடாக்குட்டி வாங்கி வளர்ப்பவர்கள் அதைக் காயடித்து விடுவது வழக்கம். காயடித்த ஆட்டைக் குர்பானி கொடுப்பதில் மார்க்கத்தில் தடை இல்லை. நபி (ஸல்) அவர்கள் அத்தகைய கிடாக்களை அறுத்ததாக ஹதீஸ் உண்டு. காயடித்த பிறகு வரக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூன்று மாதக் குட்டிக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். ரத்தமே வரவில்லை என்பதால் கவலையின்றி இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் குட்டி கால்களை விறைப்பாக வைத்து மரக்குதிரை போல நடந்தது. காதுகள் நிமிர்ந்து நின்றன, வால் விறைத்தது. தழையை வாயருகே நீட்டினால் முகர்ந்தது, தாடை திறக்கவில்லை. கதவு சாத்தும் சத்தத்துக்கே உடல் வெட்டி இழுத்தது. வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் மூச்சு முட்டி இறந்தது.

இது டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி. இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை போல உறங்கிக் கிடக்கும். காற்றுப் புகாத, செத்த சதை கிடைத்தால்தான் அது முளைக்கும். ரப்பர் வளையம் செய்வதே அதுதான்: ரத்த ஓட்டத்தை நிறுத்தி, விதைப்பை காய்ந்து விழும் வரை வாரக்கணக்கில் செத்த சதையைத் தொங்க விடுகிறது. செம்மறிக்கு வளையம் போட்டு வாலை நீக்குவதிலும், ஆணி குத்திய ஆழமான காயத்திலும் இதே நிலைதான். காயம் பட்ட மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் விறைப்பு தொடங்கும். கிருமி சுரக்கும் நஞ்சு நரம்பில் ஏறி ஒட்டிக்கொண்டால் எந்த மருந்தும் அதைப் பிரித்தெடுக்காது. அதனால்தான் பென்சிலின் போட்டும் பல ஆடுகள் பிழைப்பதில்லை. இருட்டான, சத்தமில்லாத இடத்தில் கட்டி, அன்றே கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் செய்யக்கூடியது.

“துள்ளுமாரி ஊசி போட்டாயிற்றே” என்பார்கள் சிலர். அது வேறு நோய்க்கான ஊசி. அதை மட்டும் போட்டிருந்தால் ரண ஜன்னியைத் தடுக்காது. இதற்கு டெட்டனஸ் டாக்ஸாய்டு தனியாக வேண்டும். முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் இரண்டு வாரம் விட்டுக் காயடிப்பது. ஆக, ஆறு வாரம் முன்னதாகத் திட்டமிட வேண்டும். காயடிக்கும் அன்று டாக்ஸாய்டு மட்டும் போட்டால் பலன் வருவதற்குள் கிருமி முந்திவிடும். அவசரமென்றால் ஆன்டிடாக்ஸின் ஊசியை மருத்துவர் போடுவார். அதன் காவல் இரண்டு மூன்று வாரம்தான். வீட்டிலேயே குட்டி ஈனும் ஆடென்றால், ஏற்கெனவே ஊசி போட்ட தாய்க்குச் சினையின் கடைசி மாதத்தில் மறுபடி ஒன்று போட்டால், சீம்பால் குடிக்கும் குட்டிக்கு முதல் இரண்டு மாதங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

தோலைக் கிழிக்காமல் விதைக் குழாயை மட்டும் நசுக்கும் பர்டிசோ கருவியில் ஆபத்து குறைவு. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள்.

விறைத்த ஆட்டை, இறப்பதற்குள் குர்பானி கொடுத்துவிடலாமா என்றும் நம்மிடம் கேட்டார்கள். நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்குக் கூடாது.