அதிரசம் தீர்ந்துவிட்டது, அடுத்தது வெள்ளிக்கிழமை

தீபாவளி நெருங்கினால் பலகாரம் போட்டு விற்கும் வீடுகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரே வரிதான் ஓடும்: “அதிரசம் கடைசி 5 பாக்ஸ்தான், முந்துங்கள்!” காலையிலும் ஐந்து, மாலையிலும் ஐந்து, மறுநாள் பார்த்தாலும் அதே ஐந்து. லட்டிலோ மிக்சரிலோ இந்த விளையாட்டைக் காட்டினால் வியாபார சாமர்த்தியம் என்று விட்டுவிடலாம். அதிரசத்துக்கு எதற்கு? உண்மையிலேயே தட்டுப்பாடு வரும் பலகாரம் அது. உள்ளதைச் சொன்னாலே ஆள் காத்திருப்பார்.

ஏன் தட்டுப்பாடு என்று அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்க்கலாம். மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி மேல் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும் பக்குவத்திலேயே அரைத்துச் சலிக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் வெல்லம். பாகு காய்ச்சும்போது கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் அது கரையாமல், விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். ஏலமும் சுக்கும் தட்டிப்போட்டு மாவைக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி மூடிவைத்தால் அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு ராத்திரியாவது அது ஊற வேண்டும். கூட ஆள் போட்டாலும் அடுப்பு கூட்டினாலும் இந்த இரண்டு ராத்திரி குறையாது.

அடுத்த இடுக்கு வாணலி. வாழை இலையில் தட்டி ஒரு தடவைக்கு இரண்டுதான் போடலாம். வெந்ததும் எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிய வேண்டும். ஈடு ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஒரு அடுப்பில் மணிக்கு நாற்பது. இரண்டு அடுப்பு, எட்டு மணி நேரம் என்றால் கணக்குக்கு 640 வரும். எண்ணெய் மாற்றி, இடுப்பு நிமிர்த்தி, சாப்பிட்டு எழுந்தால் 500. கிலோ அரிசிக்குச் சுமார் ஐம்பது அதிரசம் வரும் என்பதால், ஒரு நாள் வேலை என்பது 10 கிலோ அரிசி.

பாக்ஸில் எத்தனை வைப்பது? 21. கேதாரகௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் 21 அதிரசம் படைப்பது வழக்கம். இருபது கிடைத்தால் அவர்களுக்குப் பயனில்லை, நோன்பு முடிந்து கிடைத்தாலும் பயனில்லை. ஐந்நூறில் 23 பாக்ஸுக்கு 483 போக மீதி 17. உடைந்ததற்கும் கருகியதற்கும் அது சரியாகிவிடும்.

இப்போது அறிவிப்புக்கு வருவோம். 2025-ஐப் போல தீபாவளி திங்கட்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை சுட்டதெல்லாம் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. “ஸ்டாக் இல்லை” என்று மட்டும் போட்டால் கேட்டவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். “விரைவில் வரும்” என்றால் தினமும் பத்து பேர் போன் போட்டு என்றைக்கு என்று கேட்பார்கள். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“இன்று போட்ட 23 பாக்ஸும் தீர்ந்தன, நன்றி. அடுத்த மாவு இன்று மாலை கலந்தாச்சு. இரண்டு ராத்திரி ஊறி, வெள்ளி காலை சுடுகிறோம். அதுவும் 23 பாக்ஸ்தான். 14 புக் ஆகிவிட்டது, 9 இருக்கிறது. பாக்ஸுக்கு 21. வெள்ளி மாலை 4 முதல் 8 மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். விலை மாற்றமில்லை.”

இதில் அவசரப்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. மாவு ஊறிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியே படிப்பவருக்கு ஆசையைக் கிளப்பிவிடும். முடிந்தால் மறுநாள் மூடிய பாத்திரத்தைப் படம் எடுத்துப் போடலாம். வேறு விளம்பரம் வேண்டாம்.

அந்த 9-ஐக் கவனமாகக் காப்பாற்ற வேண்டும். ஒருவர் எடுத்தால் 8, இன்னும் இருவர் எடுத்தால் 6. யாராவது “எங்களுக்கு வேண்டாம்க்கா, ஊருக்குப் போறோம்” என்றால் மறுபடி 7. அதையும் போட வேண்டும். ஏறவும் இறங்கவும் செய்யும் எண்ணை ஜனங்கள் நம்புவார்கள். என்றைக்கும் 5-லேயே நிற்கும் எண்ணை ஒரு தடவைதான் நம்புவார்கள்.

ஒன்பது பாக்ஸுக்கு முப்பது பேர் கேட்டிருந்தால் முப்பது பேருக்கும் “வந்தாச்சு” என்று செய்தி தட்டிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. இருபத்தோரு பேர் ஆவலாக வந்து ஏமாந்து போவார்கள். நோட்டில் கேட்ட வரிசைப்படி பெயர் எழுதி, முதல் ஒன்பது பேரிடம் மட்டும் கேட்க வேண்டும். வியாழன் மதியம் வரை பதில் வராவிட்டால் அடுத்த பெயர். மற்றவர்களிடம், “வெள்ளிக்கிழமைது முடிஞ்சுது, சனிக்கிழமைல உங்க பேரை எழுதிக்கட்டுமா?” என்று கேட்கலாம். நோன்பு வீட்டுக்காரர் யார் என்று முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கென்று சில பாக்ஸை ஒதுக்கிவைப்பதும் நியாயம்தான். ஆனால் அந்த ஒதுக்கீட்டையும் அறிவிப்பில் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. வியாழக்கிழமை எவ்வளவு அரிசி ஊறப்போடுவது என்பதை அதுவே சொல்லிவிடும். அடுப்பு 10 கிலோவுக்குமேல் தாங்காது. கிளறுவதற்குக் கையில் தெம்பு இருந்தால் 14 கிலோ போட்டு, நாலு கிலோவை மாவாகவே விற்கலாம். “சுட்டது தீர்ந்தது, மாவு இருக்கிறது, சனிக்கிழமை வீட்டில் சுட்டுக்கொள்ளுங்கள்” என்பதும் ஒரு நேர்மையான ஸ்டாக் அறிவிப்புதான்.

சொன்ன நாள் தவறுவதும் உண்டு. பாகு பதம் குறைந்திருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றியிருந்தால் கல்லாகும். விவரமானவர்கள் முதல் நாள் ராத்திரியே ஒன்றைச் சுட்டுப் பார்ப்பார்கள். பிரிந்தால் அரிசி மாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து மறுபடி வைக்க வேண்டும். அப்போதே, அந்த ராத்திரியே, “பாகு இளகிவிட்டது, வெள்ளி காலை இல்லை, சனி காலை. வேண்டாதவர்களுக்கு அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்” என்று போட்டுவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மாலை நாலு மணிக்கு வாசலில் நிற்கவைத்துச் சொன்னால்தான் கோபம் வரும்.

இருப்பை உள்ளபடி சொல்வது இணையத்தில் விற்பவர்களுக்கு நல்ல பழக்கம் மட்டுமல்ல, விதியும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், வாங்குவோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிடுகின்றன. பட்டியலில் முதலாவதே பொய் அவசரம்தான்: இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டுவதும், இருப்பைக் குறைத்துச் சொல்வதும், இல்லாத கிராக்கியை இருப்பதாகக் காட்டுவதும் அதில் அடங்கும்.

திங்கட்கிழமை தீபாவளிக்கான கடைசி மாவை வெள்ளி மாலைக்குள் கலந்தாக வேண்டும். ஞாயிறு சுட வேண்டும். ஆகவே ஆர்டர் எடுப்பது வெள்ளி காலையோடு நிற்க வேண்டும். “இதற்குமேல் எடுத்தால் மாவு ஊறாது, மன்னிக்கவும்” என்று ஒரு வரி போதும். அதன்பின் ஞாயிறு மாலை யாராவது எடுக்காமல் விட்ட பாக்ஸ் இருந்தால் நோட்டில் அடுத்த பெயருக்குத்தான் அது போக வேண்டும்.

வாங்குகிற பக்கம் நிற்பவர்களுக்கு ஒன்று. சனிக்கிழமை ராத்திரி ஒருவர் “புது ஸ்டாக், கடைசி 5” என்று போட்டு ஆர்டர் எடுத்தால், விலை கேட்பதற்கு முன்னால் மாவு என்றைக்குக் கலந்தது என்று கேளுங்கள்.