திங்கட்கிழமை ரிசல்ட், செவ்வாய்க்கிழமை மெசேஜ்!

ஒரு குட்டிக் கதை ஃப்ரெண்ட்ஸ். திருச்செங்கோட்டுப் பையன் ஒருத்தன். அப்பா ரிக் வண்டியோட ஆந்திராப் பக்கம் போர் போட்டுட்டு இருக்கார். பையன் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்காக ஜெர்மனியில, மூனிக் நகரத்துல. ஏழாவது செமஸ்டர் ரிசல்ட் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ‘ரிசல்ட் வந்துருச்சு’ன்னு நாலு தடவை புரளி கிளப்பினதால, அதை மியூட் பண்ணிட்டான். எப்படியும் எஸ்.எம்.எஸ். வரும்ங்கிற தெம்பு!

திங்கட்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு ரிசல்ட் வருது. மூனிக்ல அப்போ மதியம் 2.30. குளிர்காலத்துல நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஆனா மெசேஜ் அவன் கைக்கு வந்தது செவ்வாய் மதியம் 2.50-க்கு. ஒரு பேப்பர் போச்சு. விடைத்தாள் நகல் கேட்க காலேஜ் கொடுத்த கெடு புதன் மதியம் 12 மணி. மெசேஜைப் பார்த்தப்போ நம்ம ஊர்ல ராத்திரி 7.20, ஆபீஸ் பூட்டியாச்சு. மறுநாள் 10 மணிக்குத் திறந்தா, மிச்சம் ரெண்டே மணி நேரம். ஓட வேண்டியது தங்கச்சிதான்.

சரி, அந்த ஒரு நாள் எங்கே போச்சு?

நாம அனுப்புற எஸ்.எம்.எஸ். நேரா போனுக்குப் போறதில்லை பாஸ். முதல்ல கம்பெனியோட குறுஞ்செய்தி மையத்துல போய் உட்காரும். அங்கிருந்து ‘இந்த நம்பர் இப்போ எங்கே இருக்கு?’ன்னு சிம் கம்பெனியோட பதிவேட்டைக் கேட்பாங்க. ஹெச்.எல்.ஆர்.னு அதுக்குப் பேர். நம்ம சிம் சேலத்துல இருக்கா, மூனிக்ல இருக்கான்னு அதுக்குத் தெரியும். போன் ஆஃப்ல இருந்தா, ‘ஆள் இல்லை’ன்னு பதில் வரும். மெசேஜ் மையத்துலயே தங்கிடும். பதிவேட்டுல ‘இவருக்கு ஒரு மெசேஜ் காத்திருக்கு’ன்னு ஒரு குறிப்பு ஏறிடும். சிம் மறுபடி நெட்வொர்க்ல தலைகாட்டின உடனே மையத்துக்குத் தகவல் போகும், மெசேஜ் ஓடி வரும்.

நம்ம பையன் பண்ணது இதுதான். ஜெர்மன் சிம் மட்டும் ஆன். இந்திய சிம்மை ஆஃப் பண்ணி வெச்சிருந்தான். செவ்வாய்க்கிழமை பேங்க் ஓ.டி.பி.க்காக அதை ஆன் பண்ணான். ஓ.டி.பி.யோட சேர்ந்து ரிசல்ட்டும் வந்து குதிச்சது. பேங்க் வேலை இல்லாம இருந்திருந்தா?

பழி யார் மேலன்னு அவனே கண்டுபிடிச்சிருக்கலாம். ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.லயும் மையத்தோட நேர முத்திரை இருக்கும். டைம் ஸோனும் அதுலயே வரும், கால் மணிக் கணக்குல. நமக்கு 22, அதாவது ஐந்தரை மணி. குளிர்கால ஜெர்மனிக்கு 4. ஆண்ட்ராய்டுல கூகுள் மெசேஜஸ்ல அந்த மெசேஜை அழுத்திப் பிடிச்சு மெனுவுல `View details` போனா `Sent`, `Received`-னு ரெண்டு நேரம் இருக்கும். அவன் போன்ல முதலாவது திங்கள் 2.35, ரெண்டாவது செவ்வாய் 2.50. அப்படின்னா மெசேஜ் மையத்துக்குச் சரியான நேரத்துக்கு வந்துடுச்சு, காத்திருந்தது சிம்முக்காக. மாறா, ரெண்டுமே செவ்வாய்க்கிழமைன்னு இருந்தா, மையத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, அனுப்புற இடத்துல லேட்.

அப்படியும் நடக்கும். 2021 மார்ச் 8-ம் தேதி ஞாபகமிருக்கா? மொத்தமா மெசேஜ் அனுப்புறவங்க தங்களோட வாசக மாதிரிகளை முன்கூட்டியே பதிவு செய்யணும்னு டிராய் விதி. அன்னிக்கு டெலிகாம் கம்பெனிகள் ஒவ்வொரு மெசேஜையும் அந்த மாதிரியோட ஒப்பிட்டு வடிகட்ட ஆரம்பிச்சாங்க. ஒத்துப் போகாதது எல்லாம் வழியிலேயே நின்னுது. நாடு முழுக்க பேங்க் ஓ.டி.பி. வராம ஜனங்க திண்டாடினாங்க. மறுநாளே அந்த வடிகட்டலை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வெச்சாங்க. அன்னிக்கு போனை எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் பிரயோஜனம் இல்லை. வடிகட்டுன மெசேஜ் மையத்துல இருந்தாத்தானே வரும்!

இன்னொரு விஷயம், மையமும் காலத்துக்கும் காத்திருக்காது. மெசேஜுக்கு ஆயுள்னு ஒண்ணு உண்டு. விதிப்படி 63 வாரம் வரைக்கும் குறிக்கலாம். ஆனா கம்பெனிகள் பொதுவா சில நாள்தான் கொடுக்கும். கெடு முடிஞ்சா மெசேஜ் அழிஞ்சுடும், பையனுக்கு ‘உனக்கு ஒண்ணு வந்துச்சு’ன்னு சொல்லக்கூட ஆள் இருக்காது. அதனால வெளிநாடு கிளம்புறவங்க, ஏர்போர்ட்டுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகியிருக்கான்னு கம்பெனியில கேட்டுக்குங்க. ரோமிங் இல்லாத சிம்மை அங்கே போய் ஆன் பண்ணாலும் அது எந்த நெட்வொர்க்லயும் சேராது. ரோமிங் இருந்தா ரிசல்ட் சீசன்ல காலையில ஒரு பத்து நிமிஷம், சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் இந்திய சிம் ஆன்ல இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் பண்ணி வெச்சுட்டு. எஸ்.எம்.எஸ். வர்றதுக்கு டேட்டா தேவையே இல்லை.