பிரெஞ்சு நிறுவனத்திடம் சம்பளம் கூட்டிக் கேட்பது எப்படி?

லியோன் நகர மென்பொருள் நிறுவனம் ஒன்று, ஐந்தாண்டு அனுபவமுள்ள பொறியாளருக்கு ஆண்டுக்கு 42,000 யூரோ தருவதாக எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரான்ஸில் இப்படிச் சொல்லப்படும் தொகை பொதுவாகப் பிடித்தங்களுக்கு முந்தைய 'ப்ரூட்' சம்பளம். சமூகப் பாதுகாப்புப் பிடித்தங்கள் போக ஏறக்குறைய முக்கால் பங்குதான் மிஞ்சும். 2019 முதல் வருமான வரியும் மாதச் சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. ஆகவே, கூட்டிக் கேட்பவரும் ஆண்டு ப்ரூட் கணக்கிலேயே கேட்க வேண்டும். கைக்கு வரும் தொகையைச் சொல்லிக் கேட்டால் பேச்சு குழம்பிவிடும்.

இன்னொன்றையும் முதலில் விசாரிக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஆண்டுக்குப் பதின்மூன்று சம்பளம் தருகின்றன. அந்த 42,000-க்குள் பதின்மூன்றாம் மாதமும் அடக்கம் என்றால் மாத ப்ரூட் 3,500 அல்ல, சுமார் 3,230 தான்.

அந்தப் பொறியாளர் இப்போதைய வேலையில் 40,000 யூரோ நிலைச் சம்பளமும் 3,000 யூரோ ஆண்டு ஊக்கத்தொகையும் வாங்குகிறார். அப்படியானால் புதிய வேலையில் அவருக்கு ஆயிரம் யூரோ நஷ்டம். புதிய நிறுவனத்துக்கு இது தெரியாது. அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டு வாடகையும் கடன் தவணையும் அவருடைய சொந்தச் சுமைகள். நிறுவனம் அவற்றுக்காகச் சம்பளம் கூட்டாது. இப்போதைய வருமானம், செய்து முடித்த வேலை, அதே பணிக்குச் சந்தையில் கிடைக்கும் சம்பளம் ஆகியவையே எடுபடும். நிர்வாகப் பணியாளர்களுக்கான 'அபெக்' அமைப்பு பணிவாரியாகச் சம்பள நிலவரத்தை வெளியிடுகிறது.

அவருடைய கடிதம் இப்படி அமையலாம்:

"தங்கள் முன்மொழிவுக்கு நன்றி. இந்தப் பணியில் சேர எனக்கு மிகுந்த விருப்பம். ஊக்கத்தொகையையும் சேர்த்தால் என் இன்றைய ஆண்டு வருமானம் 43,000 யூரோ. நீங்கள் எதிர்பார்க்கும் தரவுத்தள மாற்றப் பணியை ஏற்கெனவே ஒருமுறை பொறுப்பேற்று முடித்திருக்கிறேன். எனவே நிலைச் சம்பளம் ஆண்டுக்கு 46,000 யூரோ ப்ரூட் என அமைந்தால் மகிழ்வேன். இது குறித்துப் பேச இயலுமா?"

இதில் ஒரே தொகைதான் இருக்கிறது. '44 முதல் 47 வரை' என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு 44-ஐத்தான் பிடித்துக்கொள்ளும். 'நிலைச் சம்பளம்' என்ற சொல்லும் அவசியம். இல்லாவிட்டால் இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் மாறும் பகுதியைச் சேர்த்து 46,000 என்று காட்டிவிட வாய்ப்பு உண்டு.

நிறுவனம் 44,500 வரை வரலாம். தகுதிகாண் காலம் முடிந்ததும் உயர்த்துவதாகவும் சொல்லலாம். அந்த வாக்குறுதி தொகையோடும் தேதியோடும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

பணிவுக்குச் சட்டக் காரணமும் உண்டு. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 1118-ஆம் பிரிவின்படி, முன்மொழிவை மாற்றி ஏற்றால் அது ஏற்பாகாது. புதிய முன்மொழிவாகவே கருதப்படலாம். அதனால் புதிய ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும்வரை பழைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.