1-ஐ பத்துக் கோடி முறை கூட்டும் நிரல்

நிரல் எழுதப் பழகுபவர்களுக்கு ரிகர்ஷன் பெரும்பாலும் ஃபிபனாச்சி எண்கள் வழியாகத்தான் அறிமுகமாகிறது. ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே அழைத்துக்கொள்வதுதான் ரிகர்ஷன். 0, 1, 1, 2, 3, 5, 8 என்று போகும் ஃபிபனாச்சி வரிசையில் ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. பைத்தானில் அதற்கு நான்கு வரி போதும்.

```python
def fib(n):
    if n < 2:
        return n
    return fib(n-1) + fib(n-2)
```

10 கொடுத்தால் விடை உடனே வந்துவிடும். 40 கொடுத்தால் திரை உறைந்ததுபோல் நிற்கும். 50 கொடுத்தவர் எழுந்துபோய் வேறு வேலையைப் பார்க்கலாம். நிரலில் பிழை எதுவும் இல்லை. தாமதத்தின் காரணம் தெரிய, `fib(5)` என்ற சின்னக் கணக்கை ஒரு தாளில் வரைந்து பார்த்தாலே போதும்.

தாளின் உச்சியில் 5 என்று எழுதிக்கொள்வோம். அதற்கு 4-இன் விடையும் 3-இன் விடையும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கணினி தொடங்குவதில்லை. முதலில் 4-க்குள் நுழைகிறது, அங்கிருந்து 3-க்கு, 2-க்கு, 1-க்கு என்று அடிவரை இறங்குகிறது. 1-இல்தான் முதல் விடை கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கும் 0-ஐயும் பார்த்துவிட்டு, 2-இன் விடை 1 என்று மேலே சொல்கிறது. இன்னொரு 1-ஐ அழைத்து வாங்கியதும் 3-இன் விடை 2 என்று தெரிந்துவிடுகிறது.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. 4-இன் கணக்கு முடிய 2-இன் விடை தேவை. அதைச் சற்று முன்தான் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அந்த எண்ணை எங்கும் குறித்து வைக்கும்படி நிரல் சொல்லவில்லை. அதனால் 2-க்குள் மறுபடி இறங்கி, 1-ஐயும் 0-ஐயும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. 4 முடிந்து 5-க்கு வந்தால் அங்கே 3 காத்திருக்கிறது. அதன் கிளை முழுவதும் முதலிலிருந்து மீண்டும் முளைக்கிறது.

வரைந்து முடித்த மரத்தில் மொத்தம் 15 அழைப்புகள் இருக்கும். வெவ்வேறான கேள்விகளோ 0 முதல் 5 வரை ஆறுதான். 4 ஒரு முறையும், 3 இரண்டு முறையும், 2 மூன்று முறையும், 1 ஐந்து முறையும் அழைக்கப்பட்டிருக்கின்றன. 1, 2, 3, 5 என்று வீண்வேலையின் எண்ணிக்கையே ஃபிபனாச்சி வரிசையாக வந்து நிற்கிறது!

இது தற்செயல் அல்ல. மரத்தின் நுனிகளில் கிடைப்பவை 0, 1 ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே. விடை 5 வர வேண்டுமானால் ஐந்து 1-களைக் கூட்டியே ஆக வேண்டும். `fib(40)`-இன் விடை 10,23,34,155. அப்படியென்றால் இந்த நிரல் `fib(1)`-ஐ அத்தனை முறையும் அழைத்தாக வேண்டும். மற்ற அழைப்புகளையும் சேர்த்தால் 33 கோடியைத் தாண்டுகிறது.

ஓர் அழைப்பு இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு படியிலும் வேலை இரட்டிக்கும் என்று தோன்றலாம். வலப்பக்கக் கிளை ஒரு படி குட்டையாக இருப்பதால் வளர்ச்சி சுமார் 1.618 மடங்கோடு நிற்கிறது. அதுவே போதுமான அளவு பெரியது: n பத்து கூடினால் வேலை ஏறத்தாழ 123 மடங்காகிறது. வினாடிக்கு ஒரு கோடி அழைப்புகள் என்று வைத்துக்கொண்டால் `fib(40)` 33 வினாடியில் முடியும். `fib(50)`-க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். `fib(60)`-க்குக் கிட்டத்தட்ட ஆறு நாள் வேண்டும்.

நினைவகம் நிரம்புவதால் வரும் தாமதம் இல்லை இது. `fib(40)` ஓடும்போது எந்த நொடியிலும் முடியாமல் திறந்திருக்கும் அழைப்புகள் 40-ஐத் தாண்டுவதில்லை. மரத்தின் உயரம் சிறியது, அகலம்தான் மலைக்க வைக்கிறது.

தீர்வு, ஒருமுறை கிடைத்த விடையைக் குறித்து வைப்பது. பைத்தானில் `functools` தொகுப்பிலிருந்து `@cache`-ஐ எடுத்து ஃபங்ஷனுக்கு மேல் எழுதினால், வலப்பக்கக் கிளைகள் எல்லாம் முளைக்கும் முன்பே குறிப்பிலிருந்து விடை பெற்றுவிடும். `fib(40)`-க்கான அழைப்புகள் 33 கோடியிலிருந்து 79-ஆகக் குறையும்.

எல்லா ரிகர்ஷனுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. ஃபேக்டோரியல் கணக்கின் மரம் கிளையே இல்லாத ஒற்றைக் கோடு. அங்கே எந்தக் கேள்வியும் திரும்ப வராததால் குறித்து வைத்தும் பயனில்லை. சந்தேகம் வந்தால் சிறிய எண் ஒன்றைக் கொடுத்து, அழைப்புகள் எத்தனை, வெவ்வேறான கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முதல் எண் இரண்டாவதைவிட மிகப் பெரிதாக இருந்தால் அங்கே வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஃபிபனாச்சிக்கு ரிகர்ஷன் கட்டாயமும் இல்லை. 0, 1-இல் தொடங்கி கடைசி இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலேறும் சாதாரண லூப், `fib(50)`-இன் விடையான 12,58,62,69,025-ஐ 49 கூட்டல்களில் தந்துவிடுகிறது.