பேலன்சிங் 0 காட்டியும் ஸ்டீயரிங் உதறுகிறதா?

வீல் பேலன்சிங் மெஷினின் திரையில் சக்கரத்தின் இரண்டு பக்கத்துக்கும் 0 வந்துவிட்டது. கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கிறார். நெடுஞ்சாலையில் ஏறி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் பழையபடி உதறுகிறது. திரும்பிப் போனால் இன்னொரு முறை பேலன்சிங் செய்வார்கள், அதிலும் 0 தான் வரும். அடுத்து அலைன்மென்ட் என்பார்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும், இப்படி உதறாது. கடைசியில் டயரையே மாற்றச் சொல்வார்கள். இத்தனைக்கும் அந்த மெஷின் பொய் சொல்லவில்லை. அது பார்ப்பது எடையை மட்டும்தான். சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி.

மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றில் அச்சுத்துளை நட்டநடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த பக்கத்தில் இரும்புத் துண்டைக் கட்டினால், தூக்கிச் சுற்றும்போது அது எங்கேயும் கனத்து நிற்காது. தரையில் இறக்கி ஓட்டினால் வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கத்தான் செய்யும். கார் சக்கரத்திலும் நடப்பது இதுவே, அளவுதான் மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தொழிலில் ரன்அவுட் என்கிறார்கள். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கினால் அது ரேடியல் ரன்அவுட், இடமும் வலமும் நெளிந்தால் லேட்டரல் ரன்அவுட்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கார் டயர் ஒரு ஸ்பிரிங். அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தோராயமாக 20 கிலோ எடை வேண்டும். சக்கரத்தின் உயரமான இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், நடு நிலையிலிருந்து அரை மில்லிமீட்டர் மேலே, அரை மில்லிமீட்டர் கீழே. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 10 கிலோ அழுத்தம் கூடிக் குறைகிறது. 185/65 R15 டயரின் சுற்றளவு 1.95 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 13 முறை சுற்றும். சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரத்துக்கும் இயல்பாகத் துள்ளும் வேகம் ஒன்று உண்டு, பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 முறை. இரண்டும் ஒன்றோடொன்று சேரும்போது சின்னத் தள்ளல் பெரிய உதறலாகிறது. அதனால்தான் 60-இல் ஒன்றும் தெரியாத வண்டி 80-க்கும் 100-க்கும் இடையே ஆடுகிறது, அதைத் தாண்டினால் சில வண்டிகளில் அடங்கியும் போகிறது. ரிம்மில் ஒட்டும் எடையின் விசை வேகம் கூடக் கூட அதன் வர்க்கத்தில் ஏறும். வட்டம் கெட்ட டயரின் தள்ளலோ மெதுவாக உருட்டும்போதும் இருக்கிறது. ஆகவே எடையை எங்கே ஒட்டினாலும் இதைத் தீர்க்க முடியாது.

கண்டுபிடிக்கும் கருவி புதிதல்ல. லேத் பட்டறைகளில் தினமும் புழங்கும் டயல் கேஜ்தான். வட்ட முகப்பில் நூறு கோடுகள். ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர், முள் ஒரு முழுச் சுற்று போனால் ஒரு மில்லிமீட்டர். கனமான காந்த அடித்தளம் அதைப் பிடித்துக்கொள்ளும். டயரில் வைக்க, ஊசி முனைக்குப் பதிலாகச் சிறு உருளை முனை இருந்தால் நல்லது. ஊசி முனை ரப்பரின் பள்ளங்களில் விழுந்து முள்ளைத் தாறுமாறாகக் குதிக்க வைக்கும். எத்தனையோ டயர் கடைகளில் லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷின் இருக்கிறது, இந்தச் சிறு கருவி இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

அளப்பதற்கு முன் வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட வேண்டும். இரவெல்லாம் நின்ற டயரின் அடிப்பக்கம் சற்றுத் தட்டையாகியிருக்கும், அந்த நிலையில் அளந்தால் நல்ல டயரும் கெட்டதாகத் தெரியும். காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். ஓட்டி வந்த உடனே மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங்கிலோ பால் ஜாயின்ட்டிலோ தேய்மானம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டயல் வைப்பது வீண்.

டயரின் நடுப்பட்டையைச் சுற்றி மாஸ்க்கிங் டேப்பை இழுத்து ஒட்டினால் பள்ளங்கள் மறைந்து உருளை வழுக்கிக்கொண்டு ஓடும். முனை டயரைத் தொட்டு முள் ஒன்றிரண்டு சுற்று போகுமளவு அழுத்தி வையுங்கள், இல்லையென்றால் தாழ்ந்த இடம் வரும்போது முனை தொடாமல் நின்றுவிடும். சக்கரத்தை மெல்லக் கையால் சுற்றி, முள் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் முகப்பைத் திருப்பி 0-வை முள்ளுக்கு நேரே கொண்டுவாருங்கள். இன்னொரு முழுச் சுற்று. முள் தொடும் உச்ச அளவுதான் ரன்அவுட். அந்த இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் சட்டென்று எகிறி இறங்கினால் அது சிக்கிய கல்லாகவோ ரப்பர் ஒட்டாகவோ இருக்கலாம். நாம் தேடுவது, அரைச் சுற்றில் மெல்ல ஏறி அடுத்த அரைச் சுற்றில் மெல்ல இறங்கும் அசைவை. லேட்டரல் அளவுக்கு டயரின் பக்கச்சுவரில், எழுத்தோ கோடோ இல்லாத வழவழப்பான வட்டத்தில் முனையை வைத்து இதையே செய்ய வேண்டும்.

எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலில் அந்த அளவு இருக்கும். பல கார்களுக்கு டயரும் ரிம்மும் சேர்ந்து 1.4 அல்லது 1.5 மில்லிமீட்டர்தான் எல்லை. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு போல்ட் சக்கரம், 185/65 R15 டயர், 85-இல் ஸ்டீயரிங் உதறல். உதறல் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம் என்று தொடங்கலாம், பெரும்பாலும் பொருந்தும். முன் வலது 0.6, முன் இடது 1.9. குற்றவாளி இடது. ஆனால் அதில் ஹப், ரிம், டயர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். யார் என்று தெரியாமல் டயரை மாற்றுவது சூதாட்டம்.

முதலில் சக்கரத்தைக் கழற்றி, இரண்டு போல்ட் தள்ளி, அதாவது அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி அளக்கிறார்கள். அளவு அதே 1.9, உச்சமும் டயரில் குறித்த அதே இடத்தில். ஹப் தப்பித்தது. ஹப்பில் கோளாறு இருந்திருந்தால் அளவு மாறியிருக்கும், உச்சம் வேறிடத்துக்கு நகர்ந்திருக்கும். பிறகு டயரைக் காற்றிறக்கி, ரிம்மின் மேலேயே அரைச் சுற்று திருப்பி, காற்றடித்து அளக்கிறார்கள். இப்போது 0.5! கணக்கு எளிது. டயருடைய கோணலும் ரிம்முடைய கோணலும் முன்பு ஒரே பக்கம் சேர்ந்து 1.9 ஆகியிருந்தன, இப்போது எதிரெதிராக நின்று 0.5 ஆகிவிட்டன. கூட்டினால் 1.9, கழித்தால் 0.5 வரும் இரண்டு எண்கள் 1.2-உம் 0.7-உம். தாழ்ந்த இடத்தை மறுபடி 0 ஆக்கிச் சுற்றினால் புதிய உச்சம் டயரின் பழைய சாக்பீஸ் குறியிலேயே நிற்கிறது. ஆகவே பெரிய பங்கான 1.2 டயருடையது, 0.7 ரிம்முடையது. தனித்தனியே பார்த்தால் எதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. இந்த நிலையிலேயே ஒருமுறை பேலன்சிங் செய்து அனுப்பிவிடலாம். எல்லாச் சக்கரமும் இவ்வளவு சமத்தாக இருக்காது. உச்சங்கள் நேரெதிரே அமையாவிட்டால் டயரைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பித் தேட நேரிடும்.

புது டயர் மாட்டும்போதே இந்த வேலையைச் செய்துவிட வழி உண்டு. சில டயர்களின் பக்கச்சுவரில் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள் இருக்கும். மஞ்சள் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேரே வைக்கச் சொல்வார்கள். சிவப்பு உயர்ந்த இடம், அது ரிம்மின் தாழ்ந்த இடத்தோடு சேர வேண்டும். உதறலைப் பொறுத்தவரை மஞ்சளைவிடச் சிவப்புக்குத்தான் மதிப்பு அதிகம். எடைக் குறையைப் பேலன்சிங் பார்த்துக்கொள்ளும்.

ரிம்தான் கோணல் என்று சந்தேகம் வந்தால் டயரைக் கழற்றிவிட்டு, டயர் உட்காரும் மேடையிலேயே முனையை வைத்து அளக்க வேண்டும், உள்பக்கமும் வெளிப்பக்கமும். குழியில் இறங்கிய அலாய் ரிம் வளைவது பெரும்பாலும் உள்விளிம்பில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அலாய் ரிம்முக்குப் பொதுவாக 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர், இரும்பு ரிம்முக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது வழக்கமான எல்லை. வளைந்ததை நேராக்கித் தருபவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வெடிப்பு கண்ட ரிம்மை மட்டும் யார் சொன்னாலும் மாட்டாதீர்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அதே சக்கரம் பேலன்சிங் மெஷினில் சுற்றும்போது வட்டமாக இருக்கும், வண்டியில் மாட்டியதும் ஏறி இறங்கும். மெஷினில் கூம்பு ஒன்று நடுத்துளையைப் பிடித்துச் சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. கடையில் வாங்கிப் போட்ட அலாய் வீல்களில் அந்தத் துளை ஹப்பைவிடப் பெரியதாக இருப்பதுண்டு. அப்போது சக்கரத்தை மையத்தில் நிறுத்தும் பொறுப்பு நட்டுகளின் தலையில் விழுகிறது. வண்டி எடை தரையில் இருக்கும்போதே முறுக்கினாலோ, ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாலோ சக்கரம் தள்ளி உட்கார்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் தள்ளினால் டயலில் ஒரு மில்லிமீட்டர். இடைவெளியை அடைக்கும் ஹப் வளையம் விலை குறைந்த பொருள்தான். ஹப் முகத்தில் படிந்த துருவும் இதே வேலையைச் செய்யும், கம்பி பிரஷ் போட்டால் போய்விடும்.

டயல் கேஜுக்கும் எல்லை உண்டு. காற்றில் சுற்றும்போது அப்பழுக்கற்ற வட்டமாக இருக்கும் டயர், எடை ஏறியதும் ஒரு பக்கம் விறைப்பாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் நடந்துகொள்ளலாம். அதைப் பிடிக்க, உருளையை டயர்மேல் அழுத்திச் சுற்றும் ரோடு ஃபோர்ஸ் மெஷின் வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வரும் உதறல் டிஸ்க்குடையது, வேகம் எடுக்கும்போது மட்டும் வருவது பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்டுடையது.

அடுத்த முறை மூன்றாவது பேலன்சிங்குக்குக் காசு கேட்டால், முதலில் வண்டியைத் தூக்கி டயல் வைத்து அளவைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கடையில் டயல் கேஜ் இல்லையென்றால், இருக்கும் கடைக்குப் போங்கள்.