கேட்க ஒரு காரணம், போக ஒரு வழி

பாட்காஸ்டின் புதிய எபிசோட் வெளியாகும் நாளில், அதை அறிவிக்கும் நாலைந்து வரிகளைக் கேப்ஷன் என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழேயும், வாட்ஸ்அப்பில் இணைப்புக்கு மேலேயும் வருவது இதுதான். இதற்கு இரண்டே வேலை. இதை ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். எங்கே போய்க் கேட்பது என்று காட்ட வேண்டும். பெரும்பாலான கேப்ஷன்கள் முதல் வேலையில் ஐந்து காரணங்களை அடுக்கி எதையும் பதியவைக்காமல் போகின்றன. இரண்டாவதில் ‘எல்லாத் தளங்களிலும் கிடைக்கும்’ என்று கையை விரித்துவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தைப் பற்றி முப்பது நிமிட எபிசோட் ஒன்று தயாராகியிருக்கிறது என்று கொள்வோம். இப்படியொரு அறிவிப்பு எழுதப்படுகிறது: ‘அனைவருக்கும் வணக்கம்! நமது நிகழ்ச்சியின் 14-வது எபிசோட் வெளியாகிவிட்டது. இந்த முறை மின் கட்டணம் பற்றிப் பல சுவையான தகவல்களைப் பேசியிருக்கிறோம். தவறாமல் கேளுங்கள், பகிருங்கள்.’ இதில் தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்பதற்குக் காரணமும் ஒன்றுகூட இல்லை.

இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 குறிகள் வரை எழுதலாம். ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் திரையில் கண்ணில் படுவது ஏறத்தாழ முதல் 125 குறிகள்தான். மிச்சம் ‘மேலும்’ என்பதற்குள் மடங்கிக்கொள்ளும். தமிழில் இந்த இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கணினி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. மேலே உள்ள அறிவிப்பில் ‘வெளியாகிவிட்டது’ என்று முடிவதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட குறிகள் செலவாகிவிடுகின்றன. மின்கட்டணம் என்ற சொல் அதற்குப் பிறகுதான் தலைகாட்டுகிறது. மடிப்புக்குள் போன வரிகளை விரித்துப் படிக்கிறவர்கள் ஏற்கெனவே அந்த நிகழ்ச்சியை விரும்புகிறவர்கள். அவர்களுக்கு அறிவிப்பே தேவையில்லை.

இனி காரணத்துக்கு வருவோம். காரணம் என்பது தலைப்பு அல்ல. ‘மின்கட்டணம்’ தலைப்பு. எபிசோடைக் கேட்டு முடித்தவர் வீட்டில் இன்னொருவரிடம் எதைச் சொல்வாரோ, அதுவே காரணம். இந்த எபிசோடில் அப்படி ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். அதே வீட்டில் 501 யூனிட் ஓடினால் 1,958 ரூபாய். கூடியது ஒரு யூனிட், ஏறியது 233 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் கணக்கிடும் அட்டவணையே மாறிவிடுவதுதான் இதற்குக் காரணம். அதுவரை 101 முதல் 200 யூனிட் வரை 2.25 ரூபாய் வீதம் போட்டவர்கள், தாண்டியதும் அதே யூனிட்டுகளுக்கு 4.50 ரூபாய் வீதம் போடுகிறார்கள். அதில் 225 ரூபாய் கூடுகிறது. 501-வது யூனிட்டின் விலை 8 ரூபாய்.

முப்பது நிமிடப் பேச்சில் இது மூன்று நிமிடம்தான் இருக்கும். மின்வாரியத்தின் வரலாறு, சூரியத் தகடு மானியம், மீட்டர் வகைகள் என்று வேறு நல்ல விஷயங்களும் இருக்கலாம். கேப்ஷனில் அவற்றை எல்லாம் விட்டுவிடத் துணிய வேண்டும். எழுதுகிறவருக்கு இதுதான் கடினம், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் உழைத்தவர் அவர். படிக்கிறவருக்கோ ஒன்று போதும்:

‘500 யூனிட் ஓடினால் கரண்ட் பில் ரூ.1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ரூ.1,958. ஏன்? 2022 கட்டணத்தை வைத்து, 4-வது நிமிடத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.’

கேள்வி வரைக்கும் இது நூறு குறிகளுக்குள் அடங்கிவிடுகிறது. விடையைச் சொல்லவில்லை, ஆனால் விடை இருக்கும் இடத்தைச் சொல்கிறது. வெறும் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ‘மின்வாரியம் மறைக்கும் ரகசியம்’ என்று எழுதினால் இன்னும் நாலு பேர் வரக்கூடும். உள்ளே ரகசியம் எதுவும் இல்லை, ஊரறிந்த அட்டவணைதான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் அடுத்த எபிசோடுக்கு வரமாட்டார்கள்.

நேர்காணல் எபிசோடில் விருந்தினரின் பெயரையே காரணமாக எழுதிவிடுவது வழக்கம். படிக்கிறவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால் மட்டுமே அது பலிக்கும். தெரியாவிட்டால், அவர் சொன்ன ஒரு செய்தியை முன்னால் வைத்து, பெயரைப் பின்னால் வைப்பதே சரி.

அடுத்து, வழி. இதில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு குணம். வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டினால் தொட்டதும் திறக்கும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டிய இணைப்போ வெறும் எழுத்தாகவே நிற்கும். அதனால்தான் பக்கத்தின் முகப்பான பயோவில் லிங்க் வைக்கிறார்கள். ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பயோ லிங்க்கில் ஒரு பொறி இருக்கிறது. அடுத்த வாரம் புதிய எபிசோடுக்காக அதை மாற்றிவிடுவார்கள். பழைய பதிவு மட்டும் ‘லிங்க் பயோவில்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே நிகழ்ச்சியின் பெயரையும் எபிசோட் எண்ணையும் கேப்ஷனிலேயே எழுதிவிடுவது நல்லது. பெயர் செயலியில் தமிழில் பதிவாகியிருக்கிறதா, ஆங்கில எழுத்திலா என்று பார்த்து, அதே எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் தேடுகிறவருக்கு அகப்படாமல் போகலாம்.

கொடுக்கும் இணைப்பு நிகழ்ச்சியின் முகப்புக்கு அல்லாமல், குறிப்பிட்ட எபிசோடுக்கே போக வேண்டும். முகப்புக்குப் போனவர் இரண்டு மாதம் கழித்து வந்தால் மேலே வேறு எபிசோட்தான் இருக்கும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், யூடியூப் என்று மூன்று இணைப்புகளை வரிசையாக ஒட்டுவதைவிட, கேட்பவர்கள் அதிகம் இருக்கும் ஒன்றை முதலில் தந்து, மற்றவற்றின் பெயரை மட்டும் சொல்வது மேல். பழைய வார்ப்பை நகலெடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-லேயே மூடப்பட்டுவிட்டது.

நேரமும் முக்கியம். எபிசோடை ஏற்றியதும் அது ஆர்எஸ்எஸ் ஓடை வழியாகத்தான் மற்ற செயலிகளுக்குப் போகிறது. ஒவ்வொரு செயலியும் அந்த ஓடையைத் தன் நேரத்துக்கு வந்து பார்க்கும். சிலவற்றில் நிமிடங்களில் வந்துவிடும், சிலவற்றில் மணிக்கணக்காகும். காலை ஆறு மணிக்கு ஏற்றிவிட்டு ஆறு மணிக்கே அறிவித்தால், முதலில் ஆவலோடு வருகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். இணைப்பை வேறொருவர் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அறிவிப்பதே முறை. தயாரிப்பாளரின் நிர்வாகப் பக்கத்து முகவரியைத் தவறுதலாக நகலெடுத்திருந்தாலும் அங்கேதான் பிடிபடும். கேட்க வந்தவரிடம் அது கடவுச்சொல் கேட்கும்.

பிழை எந்தப் பாதியில் என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியும். ‘லிங்க் எங்கே?’ என்று பின்னூட்டம் வந்தால் காரணம் வேலை செய்திருக்கிறது, வழிதான் தெரியவில்லை. பதிவைப் பலர் பார்த்தும் யாரும் தொடவில்லை என்றால் காரணம் சரியில்லை. தொட்டு வந்தவர்கள் இரண்டாம் நிமிடத்திலேயே கிளம்பிவிட்டார்கள் என்று ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் தரும் கேட்பு வரைபடம் காட்டினால், கோளாறு கேப்ஷனில் இல்லாமலும் இருக்கலாம்: 4-வது நிமிடத்தில் இருக்கும் மின்கட்டணக் கணக்குக்கு முன்னால் மூன்று நிமிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தால், அதை எந்தக் கேப்ஷனாலும் சரிசெய்ய முடியாது. ஒலிக்கோப்பைத்தான் மறுபடி வெட்ட வேண்டும்.