குழையாத மரியாதை: தமிழ் மின்னஞ்சலை ஆங்கிலமாக்குவது

தமிழில் எழுதப்படும் அலுவலக மின்னஞ்சலில் மரியாதையின் பெரும்பகுதியை இலக்கணமே சுமக்கிறது. ‘தாங்கள்’, ‘அனுப்பினீர்கள்’, பெயருக்குப் பின் வரும் ‘அவர்கள்’ எல்லாம் விட்டுவிட்டால் குறையாகத் தெரிபவை. இருந்தால் யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஆங்கிலத்திலோ முதலாளிக்கும் கடைப்பையனுக்கும் ஒரே ‘யூ’தான். அந்த வெறுமையைப் பொறுக்காத மொழிபெயர்ப்பாளர் தமிழின் ஒவ்வொரு மரியாதை விகுதிக்கும் ஈடாக ‘ரெஸ்பெக்டட்’, ‘எஸ்டீம்டு’, ‘ஹம்ப்லி’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். தமிழில் கண்ணில் படாமல் இருந்த பணிவு, ஆங்கிலத்தில் கைகட்டி நிற்பதாக மாறிவிடுகிறது.

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்று இங்கிலாந்திலுள்ள பையருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். துணிக்குச் சாயம் ஏற்றும் முன், கேட்ட நிறத்தைச் சிறு துண்டுகளில் ஏற்றி ஒப்புதலுக்கு அனுப்புவார்கள். தொழிலில் இதற்கு லேப் டிப் என்று பெயர். ஒப்புதல் வரவில்லை. சாயப்பட்டறையில் நாள் குறித்தாயிற்று. தமிழில் மடல் இப்படி அமையும்: “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நாங்கள் அனுப்பிய லேப் டிப் மாதிரிகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள் என நம்புகிறோம். தங்களின் மேலான ஒப்புதலைக் கூடிய விரைவில் அனுப்பி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். சிரமத்திற்கு மன்னிக்கவும்.”

தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், முதல் வரி ‘ரெஸ்பெக்டட் சார்’, நடுவில் ‘யுவர் எஸ்டீம்டு அப்ரூவல்’, முடிவில் ‘சாரி ஃபார் த டிஸ்டர்பன்ஸ்’. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பது ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’ ஆகிறது. ‘அனுப்பி உதவுமாறு’ என்பது ‘கைண்ட்லி சென்ட்’ என்றோ ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்றோ வரும். இதில் நேரும் கோளாறு பலர் நினைப்பதைப் போல வெறும் அடிமைத்தனம் மட்டும் அல்ல. பெயர்ச்சொற்களும் அடைமொழிகளும் கெஞ்சுகின்றன. வினைச்சொற்களோ அதிகாரம் செய்கின்றன. ‘அனுப்புங்கள்’ என்பதில் உள்ள ‘ங்கள்’ தமிழில் கட்டளையின் முனையை மழுக்கிவிடும். ஆங்கில ஏவல் வினைக்கு அப்படி ஒரு வால் கிடையாது. ‘கைண்ட்லி’யை முன்னால் ஒட்டினாலும் ‘சென்ட்’ கட்டளைதான். ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு’ என்பதோ ரயில் நிலைய அறிவிப்புப் பலகையின் குரல். ஆக, காலில் விழுந்துகொண்டே உத்தரவு போடும் ஒரு மடல் பையருக்குப் போய்ச் சேர்கிறது.

ஆங்கிலத்தில் மரியாதை குடியிருக்கும் இடம் வினைச்சொல். ‘குட்’, ‘வுட்’ போன்ற துணைவினைகள், ‘இஃப்’ தரும் நிபந்தனை, கேள்வி வடிவம் ஆகியவைதாம் அங்கே ‘தாங்கள்’ செய்யும் வேலையைச் செய்கின்றன. ‘வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’ என்று தொடங்கினால், மறுக்கவும் இடம் இருக்கிறது என்பது வாக்கிய அமைப்பிலேயே தெரிந்துவிடும். மறுக்க இடம் விட்டுக் கேட்பதுதான் ஆங்கிலப் பண்பு. ஒரு வேண்டுகோளுக்கு இப்படி ஒன்று போதும். ‘குட் யூ ப்ளீஸ் கைண்ட்லி’ என்று மூன்றை அடுக்கினால் மீண்டும் குழைவுதான் மிஞ்சும்.

அடுத்த சிக்கல் ‘கூடிய விரைவில்’. பெரியவருக்கு நாள் குறித்துக் கொடுப்பது தமிழில் துடுக்கு. அதனால் அவசரத்தை மறைத்து எழுதுவது வழக்கம். ஆங்கில வாசகருக்கு அந்த மறைப்பு உதவாது. ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று எழுதினால், சௌகரியப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் எடுத்துக்கொள்வார். ‘இம்மீடியட்லி’ என்றால் அதட்டுவதாகத் தோன்றும். தேதியை எழுதி, அந்தத் தேதி ஏன் என்பதையும் எழுதிவிட்டால் இரண்டும் தீரும். சாயப்பட்டறையில் இந்த ஆர்டருக்கு ஜூன் 14 ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே 12-க்குள் ஒப்புதல் கிடைத்தால் ஜூலை 20 ஷிப்மென்ட் தவறாது என்று சொல்லும்போது, நெருக்குவது பட்டறையின் நாட்காட்டியே தவிர எழுதுபவர் அல்ல. வெளிநாட்டு பையர்களுக்கு எழுதும் மடல்களில் அடைமொழிகளைவிட இந்த ஒரு காரண வரிக்கே மதிப்பு அதிகம்.

‘பார்த்திருப்பீர்கள் என நம்புகிறோம்’ என்ற வரியை ஆங்கிலத்தில் விட்டுவிடுவது நல்லது. தமிழில் அது நினைவூட்டலைப் பூசி மெழுகும் நயம். ஆங்கிலத்தில் ‘இன்னுமா பார்க்கவில்லை’ என்ற குத்தல் தொனிக்கக்கூடும். ஜூன் 2 அன்று கூரியரில் அனுப்பிய மூன்று மாதிரிகள் என்று செய்தியாகச் சொன்னால் நினைவூட்டலும் ஆயிற்று, குத்தலும் இல்லை. ‘சிரமத்திற்கு மன்னிக்கவும்’ என்பதும் அப்படித்தான். தாமதம் பையருடையது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டால் தவறு தன் பக்கம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிற்பாடு ஷிப்மென்ட் தள்ளிப்போய் யார் பொறுப்பு என்ற பேச்சு எழுந்தால் அந்த ஒரு வரி எதிராகவே நிற்கும். அந்த இடத்தில் நன்றி சொன்னால் போதும். உண்மையிலேயே தவறு செய்திருந்தால் மட்டும், எது தவறு என்று குறிப்பிட்டு ஒரே ஒரு முறை வருத்தம் தெரிவிக்கலாம்.

விளிப்பில் ‘டியர்’ போடக் கூச்சப்படுபவர்கள் உண்டு. அது வெறும் சம்பிரதாயம். அன்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிஸ்டர், மிஸ் என்பவற்றோடு குடும்பப் பெயரைத்தான் சேர்க்க வேண்டும். முதல் பெயரோடு மிஸ்டர் போடுவது நம்மூர் வழக்கம், அங்கே விநோதம். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது முழுப் பெயரை எழுதிவிடலாம். எதிர்த்தரப்பு முதல் பெயரில் கையொப்பமிட்டுப் பதில் எழுதிய பின்னும் ‘சார்’ என்றே தொடர்ந்தால், அதை மரியாதையாக அல்ல, விலகலாகவே எடுத்துக்கொள்வார்கள். முடிவுக்கு ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ போதுமானது. பள்ளி விடுப்பு விண்ணப்பத்திலிருந்து பலருக்கும் பழகிப்போன ‘கீழ்ப்படிதலுள்ள’ பாணி தமிழ்ப் பணிவு என்று நினைத்தால் தவறு. ‘யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்று கையொப்பமிட்ட பழைய பிரிட்டிஷ் அரசாங்கக் கடிதங்களின் மிச்சம் அது. கொடுத்தவர்கள் கைவிட்டதை வாங்கியவர்கள் காப்பாற்றி வருகிறார்கள்!

குழைவுக்கு அஞ்சி எல்லாவற்றையும் வெட்டுவதும் நடக்கிறது. ‘நீட் அப்ரூவல் பை தர்ஸ்டே’ என்று நான்கு சொல்லில் முடித்தால் நேரம் மிச்சம். ஆனால் தமிழ் மடலில் இருந்த பண்பு முழுவதும் போய்விட்டது. வெட்ட வேண்டியவை அடைமொழிகள் மட்டுமே. நன்றியும் காரணமும் மாற்று வழியும் இருக்க வேண்டும். மேலே கண்ட மடல் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களில் அடங்கும். மூன்று மாதிரிகளைப் பற்றிய கருத்தை ‘வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’ என்று கேட்பது முதலாவது. தேதியும் காரணமும் இரண்டாவது. ஏதேனும் நிறத்தை மாற்ற வேண்டுமானால் தெரிவியுங்கள், புதிய மாதிரியும் திருத்திய தேதியும் அனுப்புகிறோம் என்பது மூன்றாவது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி நான்காவது. மூன்றாவதில் ‘ப்ளீஸ் டெல் அஸ்’ என்ற ஏவல் வந்தாலும் உறுத்தாது, ஏனென்றால் அங்கே பயன் வாசகருக்கு. ஏவல் வினை தனக்காக வந்தால் கட்டளை, எதிரில் இருப்பவருக்காக வந்தால் உபசரிப்பு. ‘உட்காருங்கள்’ என்பதற்கும் ‘பணம் கொடுங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலத்திலும் உண்டு.

இவை வெளிநாட்டு வாசகருக்கான கணக்கு. இந்திய அரசு அலுவலகத்துக்கோ வங்கி மேலாளருக்கோ ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘கைண்ட்லி’ இரண்டும் இயல்பானவை. அங்கே அவற்றை நீக்கினால் எழுதியவர் முறை தெரியாதவர் என்றே முத்திரை விழும்.